கிடைத்தது, கவலை வேண்டாம்

அவளை எல்லோரும் பட்டனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தைக்கிற சட்டைகள் முழுக்கப் பட்டனிலேயே நின்றன. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பிளந்து, அழுத்தினால் 'டிக்' என்று மூடிக்கொள்ளும் பட்டன்கள். கையை உயர்த்த முடியாதவர்களுக்கும், எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பவர்களுக்கும், அறுவை சிகிச்சை முடிந்து மார்பில் குழாயோடு வீடு திரும்புகிறவர்களுக்கும் அவள் உடுப்புத் தைத்தாள். மாமியார் ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டபோது, ரவிக்கை போட முடியாமல் ஒரு வாரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் தைத்ததுதான் முதல் சட்டை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு நோயாளியிடம் சொன்னாள். அந்த நோயாளி மூன்று பேரிடம் சொன்னார். அப்படியே பிடித்துக்கொண்டது.

ஆரம்பத்தில் எல்லாம் போனில்தான். மெஷினில் கால் வைத்திருக்கும்போது மணி அடிக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, அளவுகளை வெட்டுக் காகிதத்தின் ஓரத்தில் கிறுக்குவாள். பிறகு அந்தக் காகிதத்தையே சட்டைக்கு வெட்டிவிடுவாள். ஒருவருடைய இடது கை இன்னொருவருக்கு வலது கையாகப் போய்ச் சேரும்.

இந்தக் கூத்தையெல்லாம் நிறுத்தியவள் சின்னவள். வீட்டுக்காரரின் தங்கை. கல்லூரி நாளிலிருந்தே அண்ணன் வீட்டில் இருந்தாள்; படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் வெள்ளைத் துணியைக் கட்டி, ஒவ்வொரு சட்டையையும் மாட்டிப் படம் எடுத்தாள். போனில் கடைக்காரர்களுக்கான வாட்ஸ்அப்பைப் போட்டு, தையலுக்கென்று தனி எண் வாங்கி, கேட்டலாக் ஒன்றைத் திறந்தாள். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு படம், ஒரு எண், விலை, கீழே இரண்டு வரி விவரம். துணி தீர்ந்துபோனால் அந்த உடுப்பை மட்டும் மறைத்து வைக்கலாம். வாங்குகிறவர்கள் வேண்டியதைக் கூடையில் போட்டு, கூடவே அளவையும் எழுதி அனுப்பினால், முழு ஆர்டரும் ஒரே செய்தியாக வந்து விழும்.

"பாருங்க அண்ணி, இனிமே யாரும் உங்க காதைத் துளைக்க மாட்டாங்க," என்றாள் சின்னவள். "அழைப்பு வேண்டாம், செய்தி மட்டும் அனுப்பவும்னு போட்டுட்டேன்."

வாட்ஸ்அப்பிலேயே ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு நிறச் சீட்டு ஒட்டினாள். புதிய ஆர்டர், பணம் வரணும், பணம் வந்தது, முடிந்தது. நான்கு நிறம். அந்தப் பணச் சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருந்தது. தொடக்கத்தில் ஒருவர் பணம் அனுப்பியதாகப் படம் ஒன்றை அனுப்ப, பட்டனக்காவும் நம்பி ஆறு உடுப்பைத் தைத்து அனுப்பிவிட்டாள். படம் போலி. பைசா வரவில்லை. அன்றிலிருந்து கேட்டலாக்கிலேயே எழுதிவிட்டார்கள்: படம் அனுப்பத் தேவையில்லை, வங்கிக் கணக்கில் பார்த்து நாங்களே உறுதி சொல்வோம்.

சின்னவள் இன்னொரு விதியும் வைத்திருந்தாள். பதில் சொல்ல நேரம் இருந்தால்தான் ஒரு செய்தியைத் திறக்க வேண்டும். கைதவறித் திறந்துவிட்டால், உடனே அதை அழுத்திப் பிடித்து, மறுபடி 'படிக்காதது' என்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்காத செய்திக்குப் பக்கத்தில் தெரிகிற பச்சை எண் மறைந்துவிடும், அதோடு அந்த ஆளும் மறந்துபோவார்.

"நான் என்ன பாப்பாவா? நாலு ஆர்டரை ஞாபகம் வச்சுக்க மாட்டேனா?" என்று பட்டனக்கா சிரித்தாள்.

"நாலு வந்தா வச்சுப்பீங்க. நாப்பது வந்தா?"

புதிதாக ஒருவர் செய்தி அனுப்பினால் தானாகவே போய்ச் சேரும் பதில் ஒன்றையும் சின்னவள் எழுதி வைத்தாள். 'இது தானாக வரும் பதில். நாங்கள் நேரில் பதில் எழுதிய பிறகே உங்கள் ஆர்டர் உறுதி ஆகும்.' பட்டனக்காவுக்கு அது பிடிக்கவில்லை. நோயாளி வீட்டில் இருந்து எழுதுகிறவர்களிடம் இப்படியா மூஞ்சியில் அடித்த மாதிரி பேசுவது? சின்னவள் இல்லாத ஒரு பொழுதில் தானே உட்கார்ந்து மாற்றினாள். 'உங்கள் ஆர்டர் கிடைத்தது. கவலை வேண்டாம். நன்றி.' படித்துப் பார்த்தபோது அவளுக்கே நெஞ்சு குளிர்ந்தது.

ஓராண்டு எல்லாம் சுகமாகப் போயிற்று. பட்டனக்கா போனிலும், சின்னவள் தன் மடிக்கணினியிலும் அதே கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, மாறி மாறிப் பதில் எழுதினார்கள். இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்பதே பெரிய தைரியமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டே கால் மணிக்கு, தேநீரை ஆற்றிக்கொண்டே பட்டனக்கா போனை எடுத்தாள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. 'சட்டை இன்னிக்குக் காலையில வந்துடும் இல்லீங்களா? பத்து மணிக்கு விழா.'

எந்தச் சட்டை? அவள் உரையாடலைத் திறந்து மேலே தள்ளினாள். எட்டு நாளைக்கு முந்தைய வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு வந்த ஒரு கூடை. ஆண்கள் முழுக்கைச் சட்டை, இடது கை திறப்பு, நீலம், நாற்பத்திரண்டு. கூடையோடு ஒரு குறிப்பு: 'என் வீட்டுக்காரருக்கு. ஸ்கூல் பஸ் டிரைவர். கையில கம்பிச் சட்டம் போட்டிருக்காங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல அவருக்கு ஓய்வு விழா. வியாழனுக்குள்ள வந்துடணும். பணம் தம்பி பேர்ல வரும்.' அதற்குக் கீழே, அதே நிமிடத்தில், தானாகப் போன பதில். உங்கள் ஆர்டர் கிடைத்தது. கவலை வேண்டாம். நன்றி.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. எந்தச் சீட்டும் ஒட்டப்படவில்லை. ஆனால் பச்சை எண் இன்றைய ஒரு செய்தியை மட்டும்தான் காட்டியிருந்தது; பழைய செய்தி ஏற்கெனவே படிக்கப்பட்டிருந்தது. யாரோ திறந்து பார்த்ததால் பச்சை எண் மறைந்திருக்கிறது. பட்டியலில் கடைசி வரியாகத் தங்கள் பதிலே தெரிந்ததால், பார்க்கிறவர் கண்ணுக்குப் பதில் சொல்லி முடித்த ஆள் மாதிரியே இருந்திருக்கிறது. அதன் மேல் நாளுக்குப் பத்துப் பேராக வந்து விழ, உரையாடல் கீழே கீழே போய்விட்டது.

வங்கிச் செயலியைத் திறந்தாள். அந்த வியாழக்கிழமை மாலையே பணம் வந்திருந்தது, ஒரு ஆண் பெயரில். அந்தப் பெயரை அவள் அப்போதே பார்த்திருந்தாள். யாரென்று தெரியவில்லை, கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

தேநீரைக் கீழே வைத்தாள்.

"சின்னவளே," என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினாள். "இதை நீ திறந்து பாத்தியா?"

சின்னவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். "நான் இல்ல அண்ணி. நான் இதைப் பாக்கவே இல்ல."

"பின்ன யாரு, பேயா?"

பேச நேரம் இல்லை. பட்டனக்கா அந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தது டிரைவரின் மனைவி. நிதானமான குரல்.

"அம்மா, கொஞ்சம் தாமதமாயிடுச்சு. நானே கையில கொண்டுவந்து தர்றேன். ஒன்பதே முக்காலுக்குள்ள அங்க இருப்பேன்."

"அப்பாடா. அவரு குளிச்சு முடிச்சு உக்காந்திருக்காரு. ஒன்பதரைக்கு ஸ்கூல்லேருந்து வண்டி அனுப்புறாங்க. கொஞ்சம் நிக்கச் சொல்றேன். வாங்க."

சட்டையே இல்லை என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். ஒரு பெரிய துண்டைப் போர்த்தியாவது அவரைக் கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். பின்னாளில் அவள் இதைத்தான் அதிகம் நினைத்தாள். அந்த நேரத்தில் நாக்கு வாக்குக் கொடுத்துவிட்டது, கை மட்டும்தான் மிச்சம்.

ஆர்டர் வந்தால்தான் தைப்பது என்பதால் கையிருப்பில் ஆண் சட்டை ஒன்றும் கிடையாது. நீலத் துணி இருந்தது, ஆனால் வெட்டித் தைக்க அரை நாள் ஆகும். அலமாரியைத் திறந்தாள். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை நான்கு தொங்கின. அளவு நாற்பத்திரண்டு. ஒன்றை உருவினாள்.

"அது நாளைக்கு நான்..." என்று ஆரம்பித்த வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சட்டையின் இடது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெட்டினாள். இரண்டு ஓரத்துக்கும் உள்பக்கமாகப் பட்டை வைத்துத் தைத்தாள். பட்டன் குத்துகிற சின்ன மெஷினை மேசையில் இறுக்கி, ஒன்பது பட்டன்களை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தாள். ஆறாவது கோணிப்போய்ப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. சின்னவள் சொல்லாமலே சட்டைப்பையில் தைத்திருந்த கம்பெனி வில்லையை ஊசிமுனையால் பிரித்தெடுத்தாள். வெயில் படாத அந்த இடம் மட்டும் ஒரு சின்னச் செவ்வகமாக ஆழ்ந்த நீலத்தில் நின்றது. அதை மாற்ற வழியில்லை. இஸ்திரி போட்டு மடித்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து.

வாடகைக் கார் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. பாலத்தில் ஒரு லாரி மக்கர் பண்ணி நின்றுவிட்டதால் வரிசை நத்தையாக நகர்ந்தது. ஒன்பது ஐம்பதுக்கு டிரைவரின் மனைவி கூப்பிட்டாள். "வந்துட்டே இருக்கேம்மா, ஐஞ்சே நிமிஷம்," என்றாள் பட்டனக்கா. ஐந்து நிமிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பத்து இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது.

சின்னக் கூடம். சுவரோரம் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கால்சட்டை, மெருகேற்றிய ஷூ, படிய வாரிய நரைமுடி. மேலே வெறும் பனியன், அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு. இடது முழங்கையைச் சுற்றி எஃகுக் கம்பிகள் தோலுக்குள் இறங்கி நின்றன. மடியில் மடித்து வைத்த தாள் ஒன்று. பேசுவதற்காக எழுதி வைத்திருந்திருக்கிறார்.

"வண்டி போயிடுச்சும்மா," என்றாள் மனைவி. கோபம் இல்லை, களைப்புத்தான். "அரை மணி நேரம் நின்னாங்க. அதுக்கு மேல பிள்ளைங்கள வெயில்ல நிக்க வைக்க முடியாதுன்னாங்க. பத்தே முக்காலுக்குப் பரீட்சையாம்."

"இப்பப் போனாலும்..." என்று பட்டனக்கா இழுத்தாள். "கீழ கார் நிக்குது. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம்மா. இப்பப் போனா காலி மைதானம்தான் இருக்கும்."

"துண்டைப் போத்திக்கிட்டாவது போங்கன்னு நான் சொன்னேன்," என்றாள் மனைவி. "கேக்கல."

"இருபத்தாறு வருஷம் இஸ்திரி போட்ட சட்டை இல்லாம அந்த வண்டியில நான் ஏறினதில்ல," என்றார் அவர், மனைவியிடம் சொல்வது போல. "கடைசி நாள்ல மேடையில பனியனோட நிக்கச் சொல்றியா?"

பட்டனக்கா சட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் எழுந்து நின்றார். அவள் வலது கையை நுழைத்துவிட்டு, இடது பக்கத்தைக் கம்பிகளின் மேல் மெதுவாகப் போர்த்தி, ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள். ஒன்பதும் கச்சிதமாக விழுந்தன. சட்டை அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போலவே இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்தவர் சட்டைப்பையின் மேலிருந்த ஆழ்ந்த நீலச் செவ்வகத்தை விரலால் தொட்டார்.

"யாரோடதோ?"

"என் வீட்டுக்காரரோடது. உங்க ஆர்டரை நாங்க கவனிக்காம விட்டுட்டோம். இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்."

மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கிடைச்சுது, கவலை வேண்டாம்னு எழுதியிருந்தீங்களே. அதனாலதான் நான் மறுபடி கேக்கல. போன் பண்ணக்கூடாதுன்னும் போட்டிருந்தீங்க. நேத்தெல்லாம் கூரியர்காரன் வருவான் வருவான்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். தெரிஞ்சிருந்தா இவரோட சட்டை ஒண்ணை நானே வெட்டியிருப்பேன்."

"அது தானா போற பதிலும்மா," என்றாள் பட்டனக்கா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று உறைத்தது.

வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. படியேறி உள்ளே வந்தபோது சின்னவள் தண்ணீர் கொண்டுவந்தாள். "என்ன ஆச்சு அண்ணி, போயிட்டாரா?"

"எங்க போறது? எல்லாம் முடிஞ்சுபோச்சு." பட்டனக்கா தண்ணீரை வாங்கவில்லை. "நீ திறந்து பாத்துட்டு அப்படியே விட்டிருக்க. விதி விதியா எனக்கு மட்டும் பாடம் எடுப்ப."

"நான் பாக்கல அண்ணி. நாலஞ்சு நாளுக்கு முன்னாடி இருந்தே... இல்ல, அதுக்கும் முன்னாடி இருந்தே லேப்டாப்ல அதை நான் திறக்கல. இன்டர்வியூவுக்குப் படிச்சுட்டு இருந்தேன்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா? இந்த வீட்டுல இதைப் பாக்குறது ரெண்டே பேரு. நான் பாத்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?" அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "படிச்சு முடிச்சு ஒன்றரை வருஷமா வீட்டுல உக்காந்திருக்க. இந்த ஒரு வேலையைக்கூட உருப்படியா செய்ய முடியல. நாளைக்கு எவன் உனக்கு வேலை குடுப்பான்?"

சின்னவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

வீட்டுக்காரர் சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வாக்கியம்தான் சொன்னார். "அவ செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லிடுவா." தங்கைக்குப் பரிந்துகொண்டு வருகிறார் என்று பட்டனக்கா மனதுக்குள் முனகிக்கொண்டாள்.

வேறு ஊரில் ஒரு வேலைக்கு ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார்கள். சம்பளம் குறைவு, தூரம் அதிகம் என்று சின்னவள் தயங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பையைக் கட்டிவிட்டாள். வாசலில், "போயிட்டு வரேன் அண்ணி," என்று சொல்லத்தான் சொன்னாள். பட்டனக்காவும், "பாத்துப் போ," என்றாள். மடிக்கணினியும் பையோடு போயிற்று.

நான்கைந்து நாள் கழித்துத்தான் பட்டனக்காவுக்கு அந்த எண்ணம் வந்தது. போனவள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கவனமில்லாமல் செய்திகளைத் திறந்து வைத்தால், இன்னொருவருக்கும் இதே கதி ஆகும். மடிக்கணினியின் இணைப்பைத் துண்டித்துவிடலாம். போனில், இணைத்த கருவிகள் என்ற இடத்தைத் தேடிப் பிடித்துத் திறந்தாள்.

ஒரே ஒரு கருவிதான் இருந்தது. சின்னவளுடைய மடிக்கணினி. அதன் பெயருக்குக் கீழே, கடைசியாக இயங்கியது என்று ஒரு தேதி.

அவள் தேதியைப் படித்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். கூடை வந்தது ஒரு வியாழக்கிழமை. மடிக்கணினி கடைசியாகத் திறக்கப்பட்டது அதற்கு முந்தைய திங்கட்கிழமை. அதற்குப் பிறகு ஒரு நாளும் இல்லை.

அந்தச் செய்தியை இந்தப் போனைத் தவிர வேறெதுவும் திறந்திருக்க முடியாது. இந்தப் போன் அவளைத் தவிர வேறு யார் கையிலும் இருந்ததில்லை.

மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வியாழக்கிழமை பதினொன்று நாற்பது. எங்கே இருந்தாள்? மொத்தக் கடையில். பட்டன் வாங்கப் போயிருந்தாள். தேய்த்துத் தேய்த்து நினைத்ததில் மெல்ல மேலே வந்தது. கண்ணாடி மேசை மேல் பட்டன் அட்டைகள் பரப்பியிருந்தன. வலது கையால் ஒன்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே இடது கையில் போனைத் திறந்தாள். நீலம், நாற்பத்திரண்டு என்று கண்ணில் பட்டது. நீலத் துணி இருக்கிறது, நல்லதாயிற்று என்றுகூட நினைத்தாள். அப்போது கடைக்காரர், "எத்தனை அட்டை போடட்டும்மா?" என்று கேட்டார். போன் பைக்குள் போயிற்று. கீழே இருந்த குறிப்பை அவள் படிக்கவே இல்லை. பச்சை எண் போயிற்று, ஆளும் போனார். சின்னவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்திருந்தது.

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. சின்னவளைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிடத் தைரியம் இல்லாமல் குரல் செய்தி ஒன்றைப் பதிவு செய்தாள்.

"சின்னவளே, நான்தாண்டி திறந்து பாத்திருக்கேன். பட்டன் கடையில. லேப்டாப் தேதியை இப்பத்தான் பாத்தேன். உன்மேல பழியைப் போட்டுட்டேன். வேலையைப் பத்திப் பேசினேன் பாரு, அதைப் பேசியே இருக்கக்கூடாது. என்னை மன்னிச்சிடும்மா. அண்ணிக்கு வாய்தான் முன்னால போகுது."

கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளம் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. 'சரி அண்ணி. தானா போற பதிலை மாத்திடுங்க.' அவ்வளவே. பட்டனக்கா அதைப் பல தடவை படித்தாள். அதில் கோபத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. பழைய கேலியைத் தேடினாள், அதுவும் இல்லை.

அன்றே மாற்றினாள். 'இது தானாக வரும் பதில். உங்கள் ஆர்டரை இன்னும் யாரும் பார்க்கவில்லை. இன்று மாலைக்குள் நேரில் பதில் வராவிட்டால், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.' அழைப்பு வேண்டாம் என்ற வரியை எடுத்துவிட்டாள். வங்கியில் விழுகிற ஒவ்வொரு தொகைக்கும் அது யாருடைய ஆர்டர் என்று கண்டுபிடித்து, அவருக்கு 'பணம் வந்தது, இந்தத் தேதிக்குள் அனுப்புவோம்' என்று தன் கையால் எழுதினாள். யாருடையது என்று தெரியாவிட்டால் விடமாட்டாள். சாயங்காலம் மெஷினை மூடும் முன், சீட்டு இல்லாத உரையாடல் ஏதாவது இருக்கிறதா என்று பட்டியலைக் கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். கடையில் நிற்கும்போது போனைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

டிரைவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினாள். மனைவி கூப்பிட்டு, "சட்டையைத்தான் குடுத்துட்டீங்களே, பணம் எதுக்கு?" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மாறி மாறி மறுத்துவிட்டு, கடைசியில் பணம் அவர்களிடமே நின்றது.

"சார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் பட்டனக்கா.

"இருக்காரு. ஸ்கூல்லேருந்து மாலையும் ஒரு கைக்கடிகாரமும் வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்தாங்க. வேற ஒரு நாள் விழா வச்சுக்கலாம்னாங்க. வேண்டாம்னுட்டாரு."

"பேசறதுக்கு ஏதோ எழுதி வச்சிருந்தாரே?"

"அதை எங்க வச்சாருன்னு எனக்குத் தெரியல. நானும் கேக்கல."

சின்னவள் மூன்று மாதம் கழித்து இரண்டு நாள் விடுப்பில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அண்ணனுக்கு ஒரு சட்டை, அண்ணிக்கு நல்ல தையல் கத்தரி ஒன்று வாங்கி வந்திருந்தாள். புது வேலையைப் பற்றிச் சொன்னாள், சிரித்தாள், கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னாள். பட்டனக்கா நேருக்கு நேர் மறுபடி மன்னிப்புக் கேட்டபோது, "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு அண்ணி," என்று கையைப் பிடித்து அழுத்தினாள்.

பட்டனக்காவும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டாள். மறுநாள் முற்பகல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது போன் ஒலித்தது. புதிய கூடை ஒன்று. பக்கத்தில் நின்ற சின்னவளிடம் வேண்டுமென்றே சொன்னாள்.

"கை வேலையா இருக்கேன். அதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

சின்னவள் போனை எடுத்தாள். திறக்காமலே, மேலே தெரிந்த வரியை மட்டும் படித்தாள். "யாரோ ஒரு அம்மா, அண்ணி. ரெண்டு நைட்டி." போனைத் திரும்ப அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தாள். "நீங்களே பதில் போட்டுடுங்க."

பிறகு சமையலறைப் பக்கம் போனவள் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?"

ஐந்து வருடம் தன் வீடாகப் புழங்கிய இடத்தில் அவள் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. பட்டனக்கா மெஷினில் இருந்து காலை எடுத்துவிட்டாள். "எடுத்துக்கோம்மா," என்றாள்.